பேச்சின் நடுவே ‘ம்...’, ‘வந்து’: ஏன் வருகின்றன, எப்படிக் குறைப்பது?

பேசிக்கொண்டிருப்பவர் அடுத்த சொல் கிடைக்காமல் தடுமாறும்போது வாயிலிருந்து வரும் ‘ம்...’, ‘ஆ...’ போன்ற ஒலிகளை நிரப்பொலிகள் எனலாம். ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’, ‘என்ன சொல்றது’, ‘ஆக்சுவலா’ என்பவையும் பல நேரம் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கென்று தனிப் பொருள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் அந்தப் பொருளுக்காக அவை சொல்லப்படுவதில்லை. ‘அவரூ...’, ‘அதுக்கூ...’ என்று சொல்லின் கடைசி உயிரை இழுப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவை எல்லா மொழிகளிலும் இருக்கின்றன. ஆங்கிலேயர் ‘அம்’ என்கிறார்கள், ஜப்பானியர் ‘ஏத்தோ’, ‘அனோ’ என்கிறார்கள், ஸ்பானிய மொழியில் ‘எஸ்தே’ வருகிறது. அமெரிக்கச் சைகை மொழி பேசுவோர்கூட யோசிக்கும்போது விரல்களை அசைத்து ‘இன்னும் முடிக்கவில்லை’ என்று காட்டுகிறார்கள். வாயே திறக்காத மொழியிலும் இது நிகழ்வதைப் பார்த்தால், நிரப்பொலியின் வேர் நாக்கில் இல்லை, பேச்சு மூளையில் தயாராகும் விதத்தில்தான் இருக்கிறது என்பது புரியும்.

வாயும் மனமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை

பேச்சு உருவாகும் விதத்தை டச்சு உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் வெளியான தம் நூலில் மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலில் என்ன சொல்வது என்ற கருத்து முடிவாகிறது. அடுத்து அதற்கேற்ற சொற்கள் நினைவிலிருந்து எடுக்கப்பட்டு, வாக்கியமாக அடுக்கப்பட்டு, ஒலி வடிவம் பெறுகின்றன. கடைசியாக நாக்கும் உதடும் தொண்டையும் அதை ஒலிக்கின்றன. மூன்று கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருப்பதில்லை. வாய் முதல் பகுதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்த பகுதியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

இயல்பான பேச்சில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் வெளிவருகின்றன. ஆனால் எதிரே காட்டப்படும் ஒரு படத்தைப் பார்த்து ‘நாய்’, ‘நாற்காலி’ என்று பெயர் சொல்லத் தொடங்கவே சுமார் 0.6 நொடி ஆகிறது. தெரிந்த ஒரு பெயருக்கே இவ்வளவு நேரம் என்றால், அபூர்வமான சொல்லுக்கும் சிக்கலான வாக்கியத்துக்கும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மனம் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் வரை வாய் தடையின்றி ஓடும். தயாரிப்பு பின்தங்கிய கணத்தில் வாய்க்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. அந்த இடைவெளியில்தான் ‘ம்...’ பிறக்கிறது. வாக்கியத் தொடக்கத்திலும், எண், பெயர், தேதி ஆகியவற்றுக்கு முன்பும், பல சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்திலும் நிரப்பொலிகள் அதிகம் வருவதற்குக் காரணம் இதுவே.

தேர்வு கூடினால் தடுமாற்றமும் கூடும் என்பதை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஷாக்டர் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டியது. வகுப்பறை விரிவுரைகளில் நிரப்பொலிகளை எண்ணியபோது, இயற்கை அறிவியல் ஆசிரியர்களைவிட இலக்கியம், கலை போன்ற மானுடவியல் துறை ஆசிரியர்கள் அவற்றை அதிகம் பயன்படுத்தியது தெரிந்தது. இவர்கள் பேச்சில் திறமை குறைந்தவர்கள் என்று அதற்குப் பொருளில்லை. எல்லாத் துறை ஆசிரியர்களையும் ஒரே பொதுவான விஷயத்தைப் பற்றிப் பேசவைத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஒரு வேதியியல் உண்மையைச் சொல்ல ஒன்றிரண்டு வழிகளே உண்டு. ஓர் ஓவியத்தைப் பற்றிச் சொல்லப் பத்து வழிகள் உண்டு. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் வேலையே நிரப்பொலிகளைக் கூட்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மௌனமாக இருந்துவிடக் கூடாதா?

தயாரிப்பு பின்தங்கினால் சும்மா நிற்கலாமே, ஒலி ஏன் எழுப்ப வேண்டும் என்ற கேள்வி எழும். இதற்கு விடை உரையாடலில் இருக்கிறது. பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் பெரும்பாலும் 0.2 நொடி அளவில்தான் இருக்கிறது. பண்பாட்டுக்குப் பண்பாடு இதில் சிறு வேறுபாடுகளே உண்டு. அதனால் உரையாடலில் கொஞ்சம் நீண்ட மௌனமே ‘பேசி முடித்துவிட்டார்’ என்ற பொருளைத் தந்துவிடும். மற்றவர் பேசத் தொடங்கிவிடுவார். ‘ம்...’ என்ற ஒலி அதைத் தடுக்கிறது. பேசுபவர் இன்னும் முடிக்கவில்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று எதிரில் இருப்பவருக்கு அது சொல்கிறது.

ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் ‘அ...’ என்ற குறுகிய ஒலிக்குப் பிறகு சிறு தாமதமும், ‘அம்...’ என்ற ஒலிக்குப் பிறகு நீண்ட தாமதமும் வருவதை அவர்கள் பதிவுகளிலிருந்து காட்டினார்கள். அதாவது வரப்போகும் தாமதம் எவ்வளவு என்பதையே பேசுபவர் தம்மை அறியாமல் அறிவிக்கிறார் என்பது அவர்கள் வாதம்.

கேட்பவரும் இந்த அறிவிப்பைப் பயன்படுத்திக்கொள்கிறார். நிரப்பொலியைக் கேட்டவுடன், அதுவரை பேச்சில் வராத புதுப் பொருள் ஒன்று வரப்போகிறது என்று கேட்பவர் எதிர்பார்ப்பதைக் கண்ணசைவை அளக்கும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளிடமே இந்த எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆகவே நிரப்பொலி முழுக்கக் கழிவு அல்ல. நேருக்கு நேர் பேசும் உரையாடலில் அதற்கு உண்மையான பணி உண்டு.

சிக்கல் மேடையில்தான் தொடங்குகிறது. மேடையில், வகுப்பில், கூட்டத்தில், நேர்காணலில் நீண்ட பதில் சொல்லும்போது, பேச்சு வாய்ப்பை யாரும் பறிக்கப் போவதில்லை. ஆனாலும் நாள்தோறும் உரையாடிப் பழகிய மனம் மௌனத்தை ஆபத்தாகவே எண்ணி அதை ஒலியால் மூடுகிறது. தேவையே இல்லாத இடத்தில் தொடரும் காவல் இது. குறைக்கும் வழிகள் எல்லாம் இந்த ஒரு புரிதலிலிருந்து கிளைப்பவையே.

‘பாத்தீங்கன்னா’ வேறு வகை

‘ம்...’ எனும் ஒலிக்கும் ‘பாத்தீங்கன்னா’, ‘தெரியுமில்ல’, ‘இல்லையா’ என்ற சொற்களுக்கும் தொடக்கம் ஒன்றல்ல. பின்னவை கேட்பவரை நோக்கிச் சொல்லப்படுபவை. கேட்பவர் தொடர்ந்து வருகிறாரா, ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பதற்கும், ‘இது உங்களுக்கும் தெரிந்ததுதான்’ என்று நெருக்கம் காட்டுவதற்கும் அவை உதவுகின்றன. எதிரில் இருப்பவர் தலையசைத்தாலோ ‘ஆமா’ என்றாலோ அவற்றின் வேலை முடிகிறது. தலையசைப்பு கண்ணில் படாத மேடையில் பதில் வருவதில்லை. பதில் வராததால் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நாளடைவில் கேட்பவரைப் பற்றிய எண்ணமே இல்லாமல், இரண்டு சொற்றொடருக்கு நடுவே தானாக விழும் பழக்கமாகிவிடுகிறது.

சுற்றியிருப்பவர்களிடமிருந்து தொற்றிக்கொள்வதும் இந்த வகைதான். அலுவலகத்தில் எல்லோரும் ‘பேசிக்கலா’ என்று தொடங்கினால், புதிதாகச் சேர்ந்தவரும் சில மாதங்களில் அப்படியே தொடங்குவார்.

பதற்றம் மட்டும் காரணமல்ல

‘பயத்தில் உளறுகிறார்’ என்பது பொதுவான தீர்ப்பு. ஆய்வுகள் இதை அப்படியே ஏற்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மால் 1950களில் நோயாளிகளின் பேச்சை ஆராய்ந்தபோது, கவலை கூடும்போது சொற்களைத் திருப்பிச் சொல்வதும் வாக்கியத்தைப் பாதியில் மாற்றுவதும் கூடியதைக் கண்டார். ‘ஆ...’ என்ற ஒலிக்கும் கவலைக்கும் அத்தகைய தெளிவான தொடர்பு இல்லை. அதனால் அவர் நிரப்பொலியைத் தனிக் கணக்காக ஒதுக்கினார். 1996இல் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் பெவர்லி கிரீகரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தைச் சுட்டியது. தம் பேச்சைத் தாமே உற்றுக் கவனிக்கும் நிலையில் மக்கள் அதிகம் நிரப்பொலி எழுப்புகிறார்கள்.

பேச்சைச் சீர்செய்ய விரும்புவோருக்கு இந்த முடிவு முக்கியமானது. முக்கியமான கூட்டத்தில் நின்றுகொண்டு ‘ம் சொல்லக் கூடாது, ம் சொல்லக் கூடாது’ என்று தன்னையே கண்காணித்தால், சொல்லைத் தயாரிக்க வேண்டிய கவனம் காவலுக்குப் போய்விடும். தயாரிப்பு மேலும் பின்தங்கும். எனவே கவனிக்கும் வேலையை ஒத்திகையில் செய்ய வேண்டும். மேடையில் கவனம் பொருளின் மேல் இருக்க வேண்டும்.

முதலில் காதில் விழ வேண்டும்

பெரும்பாலோர் தம் நிரப்பொலிகளைக் கேட்பதே இல்லை. அதனால் நடத்தை உளவியலில் ‘பழக்க மாற்றுப் பயிற்சி’ எனப்படும் முறையின் முதல் படி, பழக்கத்தைக் கண்டுகொள்வதுதான். நகம் கடித்தல், முகச்சுளிப்பு போன்றவற்றைக் குறைக்க நேத்தன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் 1973இல் இதை வகுத்தார்கள். 2016இல் மான்குசோ, மில்டன்பர்கர் ஆகியோர் இதே முறையைக் கல்லூரி மாணவர்களின் மேடைப் பேச்சு நிரப்பொலிகளுக்குப் பயன்படுத்தி, அவை வேகமாகக் குறைந்ததைப் பதிவு செய்தார்கள். அடுத்து வந்த ஆய்வு, கண்டுகொள்ளும் பயிற்சி மட்டுமே பலருக்கும் நல்ல பலன் தருவதைக் காட்டியது.

வீட்டிலேயே செய்யும்போது இதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில், தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி எழுதி வைக்காமல் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைக் கேட்டபடி, ஒவ்வொரு நிரப்பொலியும் வரும்போது தாளில் ஒரு கோடு போட வேண்டும். முதல் முறை கேட்கும்போது பாதிக்கு மேல் நழுவிவிடுவது வழக்கம். அதனால் அதே பதிவை இரண்டு மூன்று முறை கேட்பது நல்லது.

இரண்டாம் கட்டத்தில் மீண்டும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். இந்த முறை நிரப்பொலி வந்த உடனேயே, பேச்சை நிறுத்தாமல், விரலை உயர்த்த வேண்டும். பக்கத்தில் நண்பர் ஒருவர் இருந்து தாமும் விரலை உயர்த்தினால் தவறியவை தெரியவரும். மூன்றாம் கட்டம் நிரப்பொலி வருவதற்குச் சற்று முன்னால் அதை உணர்வது. சொல் கிடைக்காத அந்தக் கணத்தில் மூச்சு நின்று தொண்டை இறுகுவதும், வாய் பாதி திறந்தபடி இருப்பதும் அடையாளங்கள். இந்த உணர்வு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒலிக்குப் பதில் மூச்சு

உணர்ந்த பிறகு அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். உதடுகளை மூடி, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பேச்சொலி மூச்சு வெளியேறும்போது எழுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இயல்பாக ‘ம்...’ வராது. அந்த ஒரு நொடியில் அடுத்த சொல்லும் வந்து சேர்ந்துவிடும்.

இந்த மௌனம் பேசுபவருக்கு மிக நீளமாகத் தோன்றும். பதிவைத் திரும்பக் கேட்டால், அது இயல்பான நிறுத்தமாகவே ஒலிக்கும். இதை நம்புவதற்கு அந்தப் பதிவைக் கேட்பதைவிட நல்ல வழியில்லை. மௌனம் எங்கே வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். வினைமுற்றில் வாக்கியம் முடிந்த பிறகோ, ‘-ஆனால்’, ‘-அதனால்’ என்று ஒரு தொடர் முடியும் இடத்திலோ நின்றால், கேட்பவர் அதைச் சொன்னதை வாங்கிக்கொள்ளக் கிடைத்த நேரமாகவே எடுத்துக்கொள்வார். ‘அந்தப் பெரிய’ என்று சொல்லிவிட்டுப் பெயர்ச்சொல் வராமல் நின்றால்தான் அது தடுமாற்றமாகத் தெரியும். எனவே வாக்கியம் முடிந்ததும் நின்று அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தை முடிவு செய்துகொண்டு வாய் திறப்பது நல்ல பழக்கம். சிறிய வாக்கியங்கள் இதை எளிதாக்குகின்றன.

ஒரு பேச்சைப் பிரித்துப் பார்த்தால்

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் மாதக் கூட்டத்தில் பொருளாளர் கணக்குச் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம்.

“வணக்கம்ங்க. ம்... வந்து, போன மாசக் கணக்கப் பாத்தீங்கன்னா, நம்ம குழுவுல, ஆ..., 18 பேரு சந்தா கட்டியிருக்காங்க. அதுல வந்து பாத்தீங்கன்னா, மொத்தம், ம்..., 3,600 ரூவா சேர்ந்திருக்கு. அப்புறம் வந்து, கடன் பாக்கி பாத்தீங்கன்னா, ம்..., 2 பேரு இன்னும் தவணை கட்டல. அதனால வந்து, என்ன சொல்றது, அடுத்த மாசம் பாத்தீங்கன்னா, புதுக் கடன் குடுக்குறதுக்கு, ம்..., கொஞ்சம் யோசிக்கணும்.”

முதல் ‘பாத்தீங்கன்னா’வுக்குப் பொருள் உண்டு. கணக்கைப் பார்க்கச் சொல்கிறார். அதை விட்டுவிட்டால் மீதம் 13 நிரப்பிகள். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வந்த இடத்தை வைத்துப் பிரித்தால் நான்கு தனித்தனிக் காரணங்கள் தெரிகின்றன.

ஐந்து நிரப்பிகள் வாக்கியத் தொடக்கத்தில் வந்தவை. முதல் ‘ம்...’உம் நான்கு ‘வந்து’களும் இதில் அடங்கும். ஒரு வாக்கியத்தை முடித்தவுடன் அடுத்ததைத் தயாரிக்க நேரம் எடுக்காமல் வாய் திறந்ததே காரணம். மேலே சொன்ன மூச்சு நிறுத்தம் இவற்றுக்கான மருந்து.

மூன்று ஒலிகள் எண்களுக்கு முன்னால் வந்தவை. எண்ணை நினைவிலிருந்து தேடுவதால் வந்த தாமதம் அது. இதற்குப் பேச்சுப் பயிற்சியே தேவையில்லை. சொல்லும் வரிசையிலேயே 18, 3,600, 2 என்று ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கையில் வைத்திருந்தால் போதும்.

மூன்று ‘பாத்தீங்கன்னா’க்கள் வெறும் பழக்கம். யோசனைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. விரல் உயர்த்தும் பயிற்சிதான் இவற்றைக் குறைக்கும்.

மீதி இரண்டும், ‘என்ன சொல்றது’வும் கடைசி ‘ம்...’உம், ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. அந்த வாக்கியம்தான் சொல்லச் சங்கடமானது. புதுக் கடன் இல்லை என்று அறிவிக்க வேண்டும். ஆனால் எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்வது என்று பொருளாளர் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. அதனால் நிரப்பிகள் வந்தன, முடிவும் ‘கொஞ்சம் யோசிக்கணும்’ என்று மங்கிப்போனது. இங்கே கூட்டத்துக்கு முன்பே அந்த ஒரு வாக்கியத்தை முழுமையாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கையும் சரிசெய்தால் பேச்சு இப்படி அமையும்:

“வணக்கம்ங்க. போன மாசம் நம்ம குழுவுல 18 பேரு சந்தா கட்டியிருக்காங்க. மொத்தம் 3,600 ரூவா சேர்ந்திருக்கு. கடன் வாங்கினவங்கள்ல 2 பேரு இன்னும் தவணை கட்டல. அவங்க கட்டுற வரைக்கும் புதுக் கடன் குடுக்க வேணாம்னு நினைக்கிறேன்.”

பேச்சு மொழி மாறவில்லை, மரியாதையும் குறையவில்லை. சொல்ல வந்தது மட்டும் தெளிவாகியிருக்கிறது. எந்தப் பேச்சையும் இவ்வாறு இடம் பார்த்துப் பிரித்துக்கொண்டால், எந்தப் பயிற்சி எங்கே தேவை என்பது விளங்கிவிடும்.

பயிற்சி தவறும் இடங்கள்

அதிகம் நேரும் பிழை மாற்றாள் நுழைவது. ‘வந்து’ போய் ‘ஆக்சுவலா’ வரும், அல்லது ‘சோ’ வரும். ஒரு சொல்லை மட்டும் எண்ணினால் குறைந்ததுபோலத் தெரியும். அதனால் எல்லா வகைகளையும் சேர்த்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, வாரத்துக்கு வாரம் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் பேச்சுகள் ஒரே அளவு பழக்கமான விஷயத்தைப் பற்றியும் இருக்க வேண்டும். தெரியாத விஷயத்தில் எண்ணிக்கை கூடுவது இயல்பே.

இரண்டாவது பிழை முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வது. நிரப்பொலி போய்விடும். ஆனால் குரல் ஒப்பிப்பதுபோல் தட்டையாகும். ஒரு வரி மறந்தால் முழுவதும் நின்றுவிடும். முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், சங்கடமான வாக்கியம் ஆகியவற்றை மட்டும் சொல்லுக்குச் சொல் அமைத்து, மற்றவற்றைக் குறிப்புகளாக வைத்து, வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்பது போதும். ஒவ்வொரு முறையும் சொற்கள் சற்று மாறினாலும், தேடிய சொற்கள் மறுமுறை எளிதாக வரும்.

மூன்றாவது பிழை கண்டிப்பு. 1924இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், நிரப்பொலிகளை எண்ணிச் சொல்வதற்கென்றே ஓர் உறுப்பினருக்குப் பொறுப்பு தரப்படுகிறது. விரும்பிச் சேர்ந்தவர்களிடையே பேச்சு முடிந்ததும் எண்ணிக்கையைச் சொல்வது பயன்தரும். வகுப்பில் மாணவரை நடுவில் நிறுத்தித் திருத்தினால், அவர் தன் பேச்சையே கண்காணிக்கத் தொடங்கி மேலும் தடுமாறுவார்.

எதுவரை குறைக்கலாம்?

முற்றிலும் இல்லாமல் செய்வது இலக்கல்ல. ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்தவர்கள், நிரப்பொலி, திருப்பிச் சொல்லல், பாதியில் திருத்தல் எல்லாம் சேர்த்து 100 சொற்களுக்குச் சுமார் 6 தடங்கல்கள் இயல்பாக வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதியைக் கேட்பவர் கவனிப்பதே இல்லை. ஒரே சொல் சீராகத் திரும்பி வந்து, கேட்பவர் பொருளை விட்டு அதை எண்ணத் தொடங்கும்போதுதான் அது இடைஞ்சலாகிறது. இரண்டாம் மொழியில் பேசும்போது சொல் தேட அதிக நேரம் ஆவதால் நிரப்பொலிகள் கூடும். அந்த மொழியில் சரளம் வளர வளர அவை தாமாகக் குறையும்.

திக்குதலை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. என்ன சொல்வது என்று தெளிவாகத் தெரிந்தும் சொல்லின் முதல் ஒலி திரும்பத் திரும்ப வருவது, நீள்வது, அல்லது அப்படியே அடைத்துக்கொள்வது திக்குதலின் அடையாளம். சிலர் திக்கும் சொல்லைத் தாண்டிச் செல்வதற்காகவே அதற்கு முன் ‘வந்து’, ‘ம்...’ என்று சேர்ப்பதும் உண்டு. அங்கே நிரப்பொலியை மட்டும் நீக்க முயல்வது பயன்தராது, பேச்சுப் பயிற்சி வல்லுநரை அணுக வேண்டும். வயதானவர் ஒருவருக்குத் தெரிந்த சொற்களே திடீரென்று கிடைக்காமல் போனாலும், பேச்சு குழறினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்.